தனித்தனிக் கட்டுரைகளைச் சிறு தொகுப்பாக அடுக்கியவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தை வாசகி:

ஞாயிறு வாரமலர்களிலும் சிறு சஞ்சிகைகளிலும் பல ஆண்டுகளாக நான் எழுதிய சொந்த அனுபவக் கட்டுரைகளில் பதினொன்றைத் தேர்ந்து, ஒரு சிறு தொகுப்பாக அடுக்கி முடித்திருக்கிறேன். அந்த அடுக்கும் வேலையைப் பற்றி எழுதுகிறேன். இதே வேலையைச் செய்தவர்கள் தம் அனுபவத்தையும் சொல்ல வேண்டும்.

குடும்பம், ஊர், கொழும்பு என்று பொருள்வாரியாகப் பிரிப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அப்படிப் பிரித்தால் ஒரே சாயலுடைய கட்டுரைகள் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று மங்கச் செய்கின்றன. ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தாள் எடுத்து, அதன் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், சம்பவம் நடந்த ஆண்டு, அதில் வரும் மனிதர்கள், அதில் வரும் பொருள்கள் ஆகியவற்றை மட்டும் எழுதினேன். பொருள்களுக்கான வரிசையை வாசித்தபோதுதான் தொகுப்பின் இழை தெரிந்தது. ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் யாரோ ஒருவர் இன்னொருவர் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து சேரும் மிளகாய்த்தூள் பொதி ஒரு கட்டுரையில் வருகிறது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்ட பிறகு, கப்பலில் போன ஒருவரிடம் பெரியம்மாவுக்காகக் கொடுத்துவிட்ட மூக்குக்கண்ணாடி இன்னொன்றில் வருகிறது. எழுதியபோது இதை நான் நினைத்திருக்கவில்லை. நினைத்து எழுதியிருந்தால் அது இவ்வளவு இயல்பாக அமைந்திராது என்றே நம்புகிறேன்.

இழை தெரிந்ததும், அதை எங்கே எவ்வளவு காட்டுவது என்பதே வரிசையைத் தீர்மானித்தது. முதல் கட்டுரையில் பொதி ஒரே வாக்கியத்தில் வந்து போகிறது. வாசகர் அதைக் கவனிக்கத் தேவையில்லை. மூன்றாவதில் அது ஒரு பந்தியாகிறது. மூக்குக்கண்ணாடிக் கட்டுரையை ஆறாவதாக, நடுவில் வைத்தேன். அதை அடுத்து, எதுவுமே கொடுத்தனுப்பப்படாத, கொள்ளுப்பிட்டிக் கடற்கரைத் தண்டவாளத்தைப் பற்றிய சிறு கட்டுரையை வைத்தேன். அந்த இடைவெளி இல்லாவிட்டால், ஏழாவது கட்டுரையைத் தொடங்கும்போதே வாசகர் பொதி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். முன்னுரையில் இழையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

பத்திரிகைக் கட்டுரைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தனியாக வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையிலும் “பருத்தித்துறையில் ஆசிரியையாக இருந்த என் பெரியம்மா” என்று அறிமுகம் செய்தே ஆகவேண்டும். தொகுப்பில் அது நான்காவது முறை வரும்போது, தன் நினைவாற்றலை எழுத்தாளர் நம்பவில்லை என்று வாசகர் உணர்வார். முதலில் வரும் அறிமுகத்தை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்கினேன். வரிசை உறுதியான பின்னரே இதைச் செய்யவேண்டும். கட்டுரை இடம் மாறினால் அறிமுகமும் அதனுடன் இடம் மாறியாக வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, முன்னாள் வாரமலர் உதவியாசிரியர்:

தங்கச்சி, நீங்கள் கடைசி வாக்கியங்களைத் தனியே எழுதிப் பார்த்தது மிக நல்ல வேலை. வாரமலர்க் கட்டுரைகளுக்கு முடிவில் ஒரு முத்தாய்ப்பு வேண்டும் என்று நாங்களே எழுத்தாளர்களைப் பழக்கியிருந்தோம். தனியாக வாசிக்கும்போது அது நிறைவைத் தரும். பதினொரு கட்டுரைகள் தொடர்ச்சியாக அதே தாழ்ந்த குரலில் முடிந்தாலோ, நான்காவதிலேயே வாசகர் முடிவை முன்கூட்டி உணர்ந்துவிடுவார். நான் செய்து பார்த்த வழி இது: ஒரு கட்டுரையின் கடைசிப் பந்தியையும் அடுத்ததன் முதற்பந்தியையும் மட்டும் சேர்த்து, இடையில் நிறுத்தாமல் உரக்க வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே மனநிலையில் இருந்தால், ஒன்றில் இடத்தை மாற்றலாம், அல்லது கடைசிப் பந்தியை முழுவதுமாக எடுத்துவிட்டு அதற்கு முந்திய பந்தியிலேயே முடிக்கலாம். பெரும்பாலான சமயங்களில் எடுத்துவிடுவதே பொருந்தியது.

இழையின் அளவை எழுதியவரால் கணிக்க முடியாது. எதுவும் சொல்லாமல் ஒருவரிடம் பிரதியைக் கொடுங்கள். சில நாட்கள் கழித்து எது நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். அவர் வாய் திறந்தவுடனே பொதிகளைப் பற்றிப் பேசினால் இழை உரக்கக் கேட்கிறது என்று பொருள். நீங்கள் எடுத்துச் சொன்ன பிறகும் அவருக்கு அது தெரியாவிட்டால், இழை உங்கள் தாள்களில் மட்டுமே இருக்கிறது. மனிதர் பெயர்களையோ காட்சிகளையோ சொல்லிவிட்டு, பேச்சின் நடுவே “எல்லோரும் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களே” என்று அவரே சொன்னால், மேற்கொண்டு கை வைக்காதீர்கள்.

தெஹிவளை வாசகர்:

காலவரிசையே நேர்மையான வரிசை என்பது என் உறுதியான கருத்து. 1983 யூலை, 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது, 2002இல் பாதை திறந்தது, 2014இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் போனது, எல்லாவற்றையும் கடந்து வந்தவர்கள் நாம். இவற்றை முன்பின்னாக வைத்தால் இளைய வாசகர்கள் குழம்பிப்போவார்கள்.

வெள்ளவத்தை வாசகி:

அண்ணா, குழப்பம் வரும் என்பது உண்மை. அதனால் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அது எழுதப்பட்ட ஆண்டைப் போட்டேன். “சென்ற வாரம்”, “இன்றைய நிலையில்” போன்ற சொற்களையும் திருத்தினேன். ஒன்றை வாசிக்காமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாத இரண்டு கட்டுரைகளைக் காலவரிசையிலேயே விட்டேன். ஆனால் தொகுப்பு முழுவதையும் அப்படி அடுக்கினால் அது வரலாறு போலத் தோன்றும். 1995 ஏன் இல்லை, 2009 ஏன் இல்லை என்று வாசகர் கேட்பார். அந்த ஆண்டுகளைப் பற்றி என்னிடம் கட்டுரை இல்லை. இல்லாததை நிரப்புவதற்காக எழுத எனக்கு மனமில்லை.

பம்பலப்பிட்டி வாசகர்:

பக்கக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்றால் ஆறு பாரத்தில் 96 பக்கம் வரும். உங்கள் கட்டுரைகள் 90 பக்கத்தில் முடிந்தால் இன்னொன்றைச் சேர்க்கலாம். ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறலாம்.

வெள்ளவத்தை வாசகி:

தகவலுக்கு நன்றி. எனினும் மீதிப் பக்கங்களுக்காக ஒரு கட்டுரையைச் சேர்க்க மாட்டேன். காலிமுகத்திடலைப் பற்றிய என் கட்டுரையே அதிகப் பேர் பாராட்டியது. அதில் யாரும் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை என்பது மட்டும் காரணமன்று. அதன் குரல் பொதுமேடைக் குரல், மற்றவை வீட்டுக்குள் பேசும் குரல். எங்கே வைத்தாலும் அதற்குப் பின்வரும் கட்டுரை சிறுத்துப்போனது. வருத்தத்தோடு வெளியே வைத்தேன்.

மட்டக்குளிய வாசகி:

அக்கா, நான் அடுக்குவது என் அப்பாவின் கட்டுரைகளை. அவர் இப்போது இல்லை. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை அவர் மூன்று கட்டுரைகளில் சொல்லியிருக்கிறார், ஒவ்வொன்றிலும் சற்று வேறாக. ஒன்றில் மழை பெய்கிறது, மற்றதில் வெயில். ஒன்றை வைத்து மற்றவற்றை வெட்டலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து, முன்னாள் வாரமலர் உதவியாசிரியர்:

மகள், உயிரோடு இருப்பவர் தன் கட்டுரையை வெட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. நானாக இருந்தால் மூன்றையும் வைப்பேன், ஆனால் அடுத்தடுத்து வைக்க மாட்டேன். மழையா வெயிலா என்பதைத் திருத்தவும் மாட்டேன்.

வெள்ளவத்தை வாசகி:

ஐயா சொல்வதில் எனக்குப் பாதிச் சம்மதமே. மூன்றையும் வைத்தால், அந்த முதல் நாள்தான் நூலின் இழை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அப்பாவின் மற்றக் கட்டுரைகள் அதைத் தாங்குமா என்பதைத் தங்கச்சிதான் வாசித்துச் சொல்ல வேண்டும். மற்றவற்றில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார்?

மட்டக்குளிய வாசகி:

பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றி. இன்றிரவு பொருள்களுக்கான வரிசையை எழுதிப் பார்க்கிறேன்.