துணைப் பாத்திரத்துக்குச் சொந்த ஆசை வந்தபோது கதை என்ன ஆனது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பொருநைக்கரை

எழுதிக்கொண்டிருந்த துப்பறியும் நாவலின் இரண்டாம் வரைவை முடித்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் மதிவாணன்தான் நாயகன். ஏட்டு செல்லையா அவர் கூடவே வருபவர். முதல் வரைவில் செல்லையா ஜீப் ஓட்டுவார், டீ வாங்கி வருவார், வாசகர் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்பார். அவ்வளவுதான். இந்த முறை அவருக்கென்று ஓர் ஆசையைக் கொடுத்தேன். நாவலின் பின்பாதியே மாறிவிட்டது.

செல்லையாவுக்கு எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வு நெருங்கிவிட்டது. தோளில் நட்சத்திரம் ஏறாமல் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போவதில்லை என்று பல வருடமாகப் பிடிவாதமாக இருக்கிறார். அவருடைய அப்பா அந்த ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் கைகட்டி நின்றவர். இதோடு நிறுத்தியிருந்தால் வெறும் முன்கதைதான். அதனால் அந்த ஆசையை விசாரணைக்குக் குறுக்கே கொண்டுபோய் வைத்தேன்.

ஓர் இடத்தில், மேலதிகாரிக்குத் தெரியாமல் பழைய வழக்கின் கேஸ் டைரியை எடுத்து வரும்படி மதிவாணன் சொல்கிறார். மாட்டினால் மதிவாணனுக்கு இடமாறுதல், செல்லையாவுக்கு மெமோ. முதல் வரைவில் "சரிங்க ஐயா" என்று எடுத்து வந்துவிடுவார். இப்போது, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "சாவி ரைட்டர்கிட்ட இருக்குங்க ஐயா, அவர் லீவு" என்கிறார். டைரி கைக்கு வர இரண்டு நாள் தாமதமாகிறது. அதற்குள் முக்கிய சாட்சி திருப்பூருக்குப் போய்விடுகிறான். அவன் ஏன் கிடைக்கவில்லை என்பது மதிவாணனுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். பிறகு செல்லையா சொந்த லீவில் பஸ் ஏறி அவனைத் தேடிப் போகிறார். நாயகன் இல்லாத முழு அத்தியாயம் அது. நாவலிலேயே எனக்குப் பிடித்ததும் அதுதான்.

உங்கள் கதைகளில் இப்படி நடந்ததுண்டா?

கதிர்வேல் கோவை

எனக்கும் நடந்தது அண்ணா. என் குறுநாவலில் நாயகியின் தோழிக்கு ஒரு ஃபிளாஷ்பேக் வைத்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ், தலைக்கு மேல் கடன். படித்தவர்கள் எல்லாம் அவள் மனதில் நின்றதாகச் சொன்னார்கள். துணைப் பாத்திரத்துக்கு ஒரு வலி இருந்தால் போதும், தானாக ஆழம் வந்துவிடும் என்பது என் அனுபவம். முடிந்தால் ஒரு காதலும் கொடுக்கலாம்.

ஓலைச்சுவடி

தம்பி, பாதி சரி. வலி இருந்தால் வாசகர் இரக்கப்படுவார். ஆனால் அந்தக் கடன் இருப்பதால் தோழி கதைக்குள் என்ன செய்தாள்? நாயகியிடம் எதையாவது மறைத்தாளா, எதற்காவது மாட்டேன் என்றாளா? ஃபிளாஷ்பேக்கை எடுத்துவிட்டாலும் அடுத்த அத்தியாயம் ஒரு வரிகூட மாறாது என்றால் அவள் இன்னும் உதவியாள்தான். காதலும் அப்படித்தான். நம் சினிமாவில் ஒரு காலத்தில் காமெடி டிராக்கைத் தனியாக எழுதிச் சேர்ப்பார்கள். அங்கே நண்பனுக்குக் கடை, காதலி, கடன் எல்லாம் இருக்கும். மொத்தமாக வெட்டி எடுத்தாலும் படம் ஓடும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது செர்வாண்டிஸின் டான் குயிக்ஸாட் நாவலின் இரண்டாம் பாகம், 1615இல் வந்தது. நாயகன் குயிக்ஸாட்டின் வேலைக்காரன் சாஞ்சோ பான்சாவுக்கு ஒரு தீவின் கவர்னர் ஆக ஆசை என்பது பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது சவுக்கடி விஷயம். எதிரே வந்த ஒரு கிராமத்துப் பெண்ணைக் காட்டி, இவள்தான் நீங்கள் காதலிக்கும் துல்சினியா என்று சாஞ்சோ எஜமானரிடம் பொய் சொல்கிறான். அவள் அழகாக இல்லையே, யாரோ மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று நம்பிவிடுகிறார் அவர். பிறகு ஒரு பிரபுவின் வீட்டில் இவர்களை வைத்து வேடிக்கை பார்க்கிறவர்கள், சாஞ்சோ தன் உடம்பில் தானே 3,300 சவுக்கடி அடித்துக்கொண்டால் மந்திரம் விலகும் என்று நாடகம் போடுகிறார்கள்.

அதிலிருந்து எஜமானரின் ஒரே ஆசை வேலைக்காரனின் தோலை நம்பி நிற்கிறது. அவர் கெஞ்சுகிறார். ஓர் இரவு தானே அடிக்கப் போகிறார், சாஞ்சோ அவரைக் கீழே தள்ளி மார்பில் முழங்காலை வைக்கிறான். கடைசியில் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு, இருட்டில் தன் முதுகை விட்டுவிட்டு மரங்களை அடிக்கிறான். அவனுடைய பொய், பேராசை, வலிக்குப் பயப்படுவது எல்லாம் சேர்ந்துதான் கதையை நகர்த்துகின்றன. அதைப் படித்த பிறகு என் வரைவுகளில் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: நாயகனுக்கு மிகவும் வேண்டியது எது, அதைக் கொடுக்கத் துணையாள் எதை இழக்க வேண்டும்? அப்படி எதுவும் இல்லையென்றால் அவனுக்கு எவ்வளவு ஆசைகளை எழுதினாலும் கதையில் ஒட்டாது.

ஓய்வுபெற்ற ஏட்டு

பொருநைக்கரை தம்பிக்கு வணக்கம். நடைமுறை கேட்டிருப்பதாக நினைத்து எழுதுகிறேன். ஸ்டேஷனில் அந்தப் பொய் நிற்காது. சாவி யாரிடம் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், ரைட்டருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. பதவி உயர்வை எதிர்பார்க்கிற ஏட்டு பொய் சொல்லமாட்டார். பணிவாக, "எடுத்துடலாங்க ஐயா, ஜி.டி.யில ஒரு வரி எழுதிட்டு எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்பார். பொது நாட்குறிப்பில் ஏறிவிட்டால் யார் சொல்லி எடுத்தது என்பதும் பதிவாகிவிடும் அல்லவா? அய்யாவே "சரி, இருக்கட்டும்" என்பார். நானே அப்படிக் கேட்டுத் தப்பித்திருக்கிறேன்.

பொருநைக்கரை

ஐயா, நான் நடைமுறை கேட்கவில்லை, ஆனால் இது எனக்குக் கிடைத்த வரம். என் பொய்யைவிட இது நூறு மடங்கு நல்ல காட்சி. செல்லையா ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை, ஆனால் இவர் இனி எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டார் என்பது மதிவாணனுக்குப் புரிந்துவிடும். இருவருக்கும் நடுவில் அன்றைக்கு விழும் விரிசலை மூன்று அத்தியாயம் இழுக்கலாம். அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுகிறேன்.

மல்லிகா சென்னை

சிறுகதையில் இதற்கெல்லாம் இடம் ஏது? இரண்டாயிரம் வார்த்தையில் நாயகனுக்கே திணறுகிறது. நான் முயன்றபோது எடுபிடிப் பையன் மொத்தக் கதையையும் எடுத்துக்கொண்டான். பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்துவிட்டது.

ஓலைச்சுவடி

சிறுகதையில் முழு வளர்ச்சி வேண்டாம் மல்லிகா. ஓர் ஆசை, ஒரே ஒரு இடத்தில் தயக்கம், அது போதும். நாவலில்தான் மூன்று இடமாவது வேண்டும்: ஆசை கண்ணில் படும் இடம், அது நாயகனோடு மோதும் இடம், அவன் தானாக முடிவெடுத்து அதற்கு விலை கொடுக்கும் இடம். பையன் கதையை எடுத்துக்கொண்டான் என்றால் அது அவன் கதைதானோ என்னவோ. அவனையே நாயகனாக வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்களேன்.

மல்லிகா சென்னை

அது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சொல்ல வந்தது அந்த வீட்டு அம்மாவின் கதை. சரி, செல்லையாவுக்குக் கடைசியில் நட்சத்திரம் கிடைத்ததா இல்லையா?

பொருநைக்கரை

அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கிடைத்தால் அவர் செய்ததற்கு விலையே இல்லை. கிடைக்காவிட்டால், நாயகன் ஜெயிக்க இவர் பலியானார் என்று ஆகிவிடும், மறுபடியும் உதவியாள்தான்.

ஓய்வுபெற்ற ஏட்டு

இரண்டும் உடனே நடக்காது தம்பி. துறை விசாரணைக்கான மூணு-பி சார்ஜ் கொடுத்தால் விளக்கம் எழுத வேண்டும், விசாரணை அதிகாரி போடுவார்கள், சாட்சி விசாரிப்பார்கள், அப்புறம் அப்பீல். அது முடியும்வரை பதவி உயர்வு நிற்கும். கொலைகாரன் ஜெயிலுக்குப் போகிற அன்று செல்லையாவுக்கே தன் முடிவு தெரிந்திருக்காது.

பொருநைக்கரை

அப்படியானால் கொடை அந்த வருடமும் வரும், கையில் நட்சத்திரமும் இல்லை, இல்லை என்ற உத்தரவும் இல்லை. போவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். கடைசி அத்தியாயத்தை மதிவாணனிடமிருந்து வாங்கி அவருக்குக் கொடுக்கப்போகிறேன்.

கதிர்வேல் கோவை

அண்ணா, துப்பறியும் கதை படிக்கிறவன் கடைசியில் இன்ஸ்பெக்டரைத்தான் தேடுவான். எனக்கென்னவோ அதற்கு முந்தைய அத்தியாயத்தில் வைத்தால் போதும் என்று தோன்றுகிறது.