காப்புப்படி, காப்பகம், ஏற்றுமதி: அரட்டைக்கு எந்தச் சொல்?

தங்கச்சிமடத்திலிருந்து:

எங்கள் நண்டுக் கொள்முதல் குழுவில் யார் எத்தனை கிலோ கொடுத்தார், முன்பணம் எவ்வளவு பிடித்தோம் என்பதை மூன்று ஆண்டுகளாக வாட்ஸ்அப்பிலேயே எழுதி வருகிறோம். ஆனி மாதத்தில் என் கைப்பேசி வள்ளத்திலிருந்து நீரில் விழுந்துவிட்டது. அதே எண்ணையும் அதே கூகுள் கணக்கையும் கொண்டு புதிய கைப்பேசியில் மீட்டபோது பங்குனி வரையிலான செய்திகளே வந்தன. மற்றொரு உறுப்பினர், தம் கைப்பேசியிலிருந்த குழு உரையாடலை ஓர் உரைக்கோப்பாக எனக்கு அனுப்பினார். அதை வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியவில்லை. இரண்டையும் எங்கள் பெண்கள் ‘பேக்கப்’ என்றே சொல்கிறார்கள். அடுத்த வாரப் பயிற்சிக் கையேட்டுக்கு இரண்டு தனிச் சொற்கள் வேண்டும்.

தொண்டியிலிருந்து:

‘அரட்டைக் காப்பகம்’ என்று ஒரே சொல்லாக வைக்கலாம். கூகுள் டிரைவில் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடுவதால் இரண்டாவது சொல்லுக்குத் தேவையே இராது. அவசரமென்றால், அந்த உறுப்பினரின் கைப்பேசியிலுள்ள `msgstore.db.crypt14` கோப்பை நகலெடுத்து உங்கள் கைப்பேசியில் வைத்துவிடுங்கள்.

மண்டபத்திலிருந்து:

தொண்டி நண்பர் சொல்வதில் பாதி சரி. டிரைவில் சேர்வது உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது கடைசியாக வெற்றி பெற்ற ஒரு படி மட்டுமே. டிரைவில் இடம் நிரம்பிவிட்டால் பதிவு நின்றுவிடும், பழைய படி அப்படியே கிடக்கும். 2024 முதல் ஆண்ட்ராய்டில் இந்தப் படியும் இலவச 15 ஜிபிக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. குழுவில் நண்டுப் படங்கள் குவிந்திருந்தால் தங்கச்சிமடத்து அம்மையாருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கக்கூடும். மீட்கும் திரையில் அந்தப் படியின் தேதியும் அளவும் காட்டப்படும். அங்கே பங்குனித் தேதி இருந்திருக்கும், அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. பழைய கைப்பேசி கையிலிருக்கும்போதே அமைப்புகளில் ‘சாட் பேக்கப்’ பகுதியைத் திறந்து, கடைசிப் பதிவு நேற்றுடையதா என்று பார்த்துவிட வேண்டும்.

இன்னொருவரின் கோப்பை நகலெடுத்தும் பயனில்லை. அது மறையாக்கப்பட்டது, அவருடைய எண்ணைச் சரிபார்த்த பிறகே திறக்கும். ‘காப்பகம்’ என்ற சொல்லையும் நான் எதிர்க்கிறேன். உரையாடலைப் பட்டியலிலிருந்து ஒதுக்கி மறைக்கும் வசதிக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஒதுக்கியது அதே கைப்பேசியில்தான் இருக்கும், கைப்பேசி போனால் அதுவும் போகும்.

கீழக்கரையிலிருந்து:

என் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பி, பிறகு அவனே அழித்துவிட்ட செய்தியை மீட்க இதில் வழி உண்டா? நானும் முக்கியமானவற்றையெல்லாம் காப்பகத்தில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து:

அம்மா, அவர் அழிப்பதற்கு முன் எடுத்த படி இருந்தால் ஒருவேளை கிடைக்கலாம், இல்லையென்றால் இல்லை. காப்பகத்தில் போட்டதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், இன்றே காப்புப்படி எடுத்துவிடுங்கள். நான் சொன்ன குழப்பத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே முழுமையாக மீட்கக்கூடியதைக் ‘காப்புப்படி’ என்போம். ‘ஏற்றுமதி’ செய்து வெளியே எடுக்கும் உரைக்கோப்பை ‘வாசிப்புப்படி’ என்று முன்மொழிகிறேன். கருவாடு மீனாகாது என்பதுபோல அது மறுபடி அரட்டையாகாது; ஆனால் எந்தக் கைப்பேசியிலும் கணினியிலும் படிக்கலாம், தேடலாம். படங்களில்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்திகள் வரை வரும், படங்களோடு எடுத்தால் 10,000 வரைதான். பழைய குழுக்களில் முற்பகுதி விடுபடும் என்பதால் முதல் வரியின் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

எங்கள் கோப்பின் முதல் வரி குழு தொடங்கிய நாளிலேயே இருக்கிறது, நல்லவேளை. ஆனால் ‘நண்டு’ என்று தேடினால் பாதிதான் கிடைக்கிறது. பலர் ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறார்கள். என் மகள் கணினியில் இப்படித் தேடித் தந்தாள்:

```
grep -n -i -E "நண்டு|nandu|nandhu" chat.txt
```

இதில் சித்திரை, வைகாசிக் கணக்கு பெரும்பாலும் கிடைத்துவிட்டது. எடைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பிய நாள்களில் மட்டும் `<Media omitted>` என்று நிற்கிறது. குரல் பதிவுகளும் அப்படியே. அந்த நாள்களை அவரவர் நோட்டைப் பார்த்து நிரப்புகிறோம். இனி படம் அனுப்பினாலும் எடையையும் தொகையையும் கீழே தட்டச்சு செய்ய வேண்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.

‘காப்புப்படி’யை ஏற்றுக்கொள்கிறோம். ‘வாசிப்புப்படி’ என்றதும் ஒருவர், “வாசப்படியா?” என்று கேட்டுவிட்டார்.

தொண்டியிலிருந்து:

காப்பகத்தைக் கைவிடுகிறேன். வாசப்படியைத் தவிர்க்க ‘உரைப்படி’ எனலாமே? கோப்பில் இருப்பது உரை மட்டும்தான்.

மண்டபத்திலிருந்து:

படங்களோடு எடுத்தால் உரை மட்டுமல்லவே, ஐயா. கையேடு அச்சுக்குப் போகும்வரை இரண்டையும் சொல்லிப் பார்க்கட்டும். எது பெண்களின் வாயில் நிற்கிறதோ, அம்மையார் வந்து சொல்லட்டும்.