டி.ஃபார்ம் முடித்தவர்களுக்கான எக்ஸிட் தேர்வு: 500 மணி நேரப் படிவத்திலிருந்து கவுன்சில் பதிவு வரை

கவுண்டர்_மருந்தாளுநர்

எக்ஸிட் தேர்வு பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் பாடத்திட்டம் கேட்கிறார்கள். பதிவுக்குப் போகிற பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது பாடத்தில் இல்லை, பயிற்சிப் படிவத்தில். பார்த்ததை, சரிசெய்ததை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

2022 பிப்ரவரியில் இந்திய ஃபார்மசி கவுன்சில் இந்தத் தேர்வுக்கான விதிமுறையை அரசிதழில் வெளியிட்டது. இது டிப்ளமோக்காரர்களுக்கு மட்டும். பி.ஃபார்ம், ஃபார்ம்.டி படித்தவர்களுக்குப் பொருந்தாது. படிகளின் வரிசையை முதலில் மனதில் வையுங்கள்: இரண்டு வருடத் தேர்வுகள், அதன் பிறகு 500 மணி நேரப் பயிற்சி, அது முடிந்தால்தான் டிப்ளமோ சான்றிதழ், பிறகு எக்ஸிட் தேர்வு, கடைசியில் மாநிலக் கவுன்சிலில் பதிவு. பயிற்சிச் சான்று சரியில்லை என்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். எக்ஸிட் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் அது இந்த ஓட்டையை அடைக்காது.

காரைக்குடி_டிஃபார்ம்

500 மணி நேரம்தானே அண்ணா? ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வைத்தால் 63 நாளில் முடிந்துவிடுகிறது. என் வகுப்பில் நிறையப் பேர் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

பழைய_பதிவேடு

தம்பி, நீங்கள் சொன்னது பாதி சரி. விதியில் மூன்று அளவுகள் ஒன்றாக இருக்கின்றன. மொத்தம் 500 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அது மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரவியிருக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது மருத்துவரின் சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்த நேரமாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜூன் 1-இல் சேர்கிறீர்கள், மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம். ஜூன் முடியும்போது 208. ஜூலை முடியும்போது 416. மீதி 84 மணி நேரத்துக்குப் பத்தரை நாள் போதும், ஆகஸ்ட் 12 வாக்கில் 500 தொட்டுவிடும். அன்றே படிவத்தை மூடி கையெழுத்து வாங்கினால் மூன்று மாதம் ஆகவில்லை. ஆகஸ்ட் 31 வரை போயே ஆக வேண்டும். ஆறு மணி நேரம் போகிறவருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: 6 × 26 × 3 = 468. மாதம் மூன்று ஆகிவிட்டது, மணி 32 குறைகிறது. ஆறு மணி நேரக்காரர் இன்னும் ஒரு வாரம் போக வேண்டும்.

தொடங்கும் தேதியையும் பாருங்கள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிய பிறகுதான் பயிற்சிக்குத் தகுதி வருகிறது. முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆனால் தேர்வுக்கு முந்தைய கோடை விடுமுறையில் கடையில் நின்ற நேரத்தை இதில் சேர்க்க முடியாது.

தூத்துக்குடி_ஆலை

எனக்கு ஒரு மருந்து தயாரிப்பு ஆலையில் பயிற்சி கிடைத்திருக்கிறது. உரிமம் பெற்ற ஆலை. 500 மணி நேரமும் அங்கேயே முடித்துவிடலாமா?

கவுண்டர்_மருந்தாளுநர்

அந்த 250 மணி நேரத்தை அங்கே எப்படிக் காட்டுவீர்கள்? மாத்திரை அச்சிடும் இடத்துக்கு மருத்துவர் சீட்டு வராதே. ஒரு பாதியை அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ உரிமம் உள்ள மெடிக்கல் ஷாப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் 78 வேலை நாள் என்று வைத்தால், நாளுக்கு மூன்றே கால் மணி நேரம் கவுண்டரில் நின்றாலே 250 தாண்டிவிடும். இரண்டு இடம் என்றால் இரண்டு இடத்துச் சான்றும் தேதி இடிக்காமல் இருக்க வேண்டும். காலை ஆலை, மாலை கடை என்று எழுதினால், ஊருக்கு ஊர் பயண நேரத்தையும் யாராவது கூட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்தே எழுதுங்கள்.

சேலம்_கடைக்காரர்

பயிற்சி கொடுக்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு பதிவுபெற்ற மருந்தாளுநர் இருக்கும் கடையில் ஒரே நேரத்தில் இரண்டு மாணவர்தான். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் ஒரு மாணவர் சேரலாம். இரண்டு பேர் இருந்தால் மூன்று, மூன்று பேர் இருந்தால் நான்கு. பல கல்லூரிகளிலிருந்து வந்து கேட்கும்போது இந்தக் கணக்கு மறந்துபோகிறது. ஒரே கடை, ஒரே மருந்தாளுநர், ஒரே மூன்று மாதம், ஐந்து மாணவரின் படிவம் என்று ஒரே மேசைக்கு வந்தால் ஐந்து பேருக்கும் கேள்வி வரும். சேரும் முன் "உங்களிடம் இப்போது எத்தனை பேர் பயிற்சியில் இருக்கிறார்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடையின் உரிம நகலையும், மருந்தாளுநரின் பதிவுச் சான்று நகலையும் முதல் நாளே வாங்கி வையுங்கள். அந்த மூன்று மாதமும் மருந்தாளுநரின் பதிவு புதுப்பித்த நிலையில் இருந்ததா என்று பாருங்கள். பயிற்சி நடுவில் அவர் வேறு கடைக்குப் போய்விட்டால், புதிதாக வந்தவர் யார், என்றைக்கு வந்தார் என்று டைரியில் குறித்துவிடுங்கள்.

நெல்லை_அக்கா

படிவத்தை யாராவது ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்களேன். என் தங்கை கையில் மூன்று பிரதி வைத்துக்கொண்டு விழிக்கிறாள்.

பழைய_பதிவேடு

மூன்று பிரதிதான் முறை. கல்லூரி முதல்வர் தருவார். ஒன்று கல்லூரிக்கு, மற்ற இரண்டு பயிற்சி தருபவருக்கும் மாணவருக்கும். உள்ளே ஐந்து பகுதி.

முதல் பகுதி கல்லூரி நிரப்புவது: இந்த மாணவர் பயிற்சி பெறத் தகுதியுள்ளவர் என்று. இரண்டாவது உங்கள் தங்கை எழுதுவது: இன்னாரைப் பயிற்சியாளராக ஏற்கிறேன் என்று. மூன்றாவது பயிற்சி தருபவர் எழுதுவது: பதிவேடுகள், மருந்துச்சீட்டு படிப்பது, அளவு சரிபார்ப்பது, மருந்து கொடுப்பது, சேமிப்பது எல்லாம் கற்றுத் தருகிறேன், வழிகாட்ட ஒரு பதிவுபெற்ற மருந்தாளுநரை அமர்த்துகிறேன் என்று. இந்த மூன்றும் பயிற்சி தொடங்கும்போது நிரம்ப வேண்டியவை. நான்காவது, முடிந்த பிறகு "இத்தனை மணி நேரம், இத்தனை மாதம்" என்று பயிற்சி தருபவர் தரும் சான்று. ஐந்தாவது, அதைப் பார்த்துக் கல்லூரி முதல்வர் தரும் முடிவுச் சான்று.

தவறு நடப்பது தேதிகளில். பயிற்சி ஆகஸ்ட் 31 வரை என்று நான்காம் பகுதியில் எழுதிவிட்டு, கையெழுத்துக்குக் கீழே ஆகஸ்ட் 25 என்று போட்டிருப்பார்கள். அல்லது முதல் மூன்று பகுதிகளையும் கடைசி நாளில் நிரப்பி, ஒப்பந்தத்துக்கே ஆகஸ்ட் தேதி விழுந்திருக்கும். ஒப்பந்தம் போடும் முன்பே பயிற்சி முடிந்ததுபோல் ஆகிவிடும். மணி நேரம் இடத்தில் "500" என்று மட்டும் எழுதாமல் உண்மையான கூட்டுத்தொகையை எழுதச் சொல்லுங்கள்.

கவுண்டர்_மருந்தாளுநர்

இதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். படிவம் கேட்காவிட்டாலும் அதுதான் காப்பாற்றும். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, வந்த நேரம், போன நேரம், மொத்தம், அதில் கவுண்டர் நேரம், செய்த வேலை, மருந்தாளுநரின் சுருக்கொப்பம். "9 முதல் 1, 5 முதல் 9; மொத்தம் 8; கவுண்டர் 4; காலையில் சரக்கு இறக்கி காலாவதி தேதி பார்த்தது, மாலையில் சீட்டு மருந்து" என்ற அளவு போதும். சுருக்கொப்பத்தை வாரக் கடைசியிலாவது வாங்குங்கள். 78 வரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் அது ஒரே உட்காரலில் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும்.

மார்த்தாண்டம்_2025

எம்.ஆர்.பி. மருந்தாளுநர் தேர்வுக்கும் இதே பாடம்தானா? ஒன்றுக்குப் படித்தால் இரண்டுக்கும் ஆகுமா?

பழைய_பதிவேடு

இரண்டையும் குழப்பாதீர்கள். எம்.ஆர்.பி. என்பது தமிழ்நாடு அரசு வேலைக்கு ஆள் எடுப்பது. அதற்கு விண்ணப்பிக்கவே கவுன்சில் பதிவு கேட்பார்கள். நாம் பேசுவது அந்தப் பதிவைப் பெறுவதற்கான தேர்வு. நடத்துவது தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம்.

மூன்று தாள், எல்லாம் ஆங்கிலத்தில், விடை தேர்ந்தெடுக்கும் வகை. முதல் தாளில் பார்மசூட்டிக்ஸ், பார்மகாலஜி, பார்மகாக்னசி. இரண்டாவதில் மருந்து வேதியியல், உயிர்வேதியியல், ஆஸ்பத்திரி மற்றும் கிளினிக்கல் பார்மசி. மூன்றாவது முழுக்கச் சட்டமும் மருந்துக்கடை நிர்வாகமும். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக 50 சதவீதம், அதுவும் ஒரே முயற்சியில். 72, 68, 46 என்று வந்தால் சராசரி 62 இருந்தும் தோல்விதான், மறுமுறை மூன்றையும் எழுத வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. சட்டத் தாளைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குகிறவர்கள் இந்த 46-இல் நிற்கிறார்கள். எந்த அட்டவணை மருந்துக்கு எந்தப் பதிவேடு என்பதைக் கடைப் பயிற்சியிலேயே கையால் எழுதிப் பழகியவருக்கு அந்தத் தாள் பாரமாக இருக்காது.

காரைக்குடி_டிஃபார்ம்

தேர்ச்சிச் சான்று வந்தவுடன் கடையில் மருந்தாளுநராகக் கையெழுத்துப் போடலாம் என்று சீனியர் சொன்னார்.

சேலம்_கடைக்காரர்

போடக் கூடாது. தேர்ச்சி பெற்றால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் தகுதி வருகிறது, அவ்வளவுதான். 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டம் 42-ஆம் பிரிவு, பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம் என்கிறது. பதிவு எண் கைக்கு வரும்வரை இன்னொரு மருந்தாளுநரின் கண்பார்வையில் உதவியாளராக இருங்கள்.

விண்ணப்பிக்கும்போது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் கவுன்சிலில்தான் விண்ணப்பம். பதிவாளர் மறுத்தால் மூன்று மாதத்துக்குள் மாநிலக் கவுன்சிலிடம் மேல்முறையீடு செய்யலாம். மறுப்பை எழுத்தில் வாங்காமல் திரும்பி வராதீர்கள், நாள் எண்ணுவதே அந்தத் தேதியிலிருந்துதான்.

நெல்லை_அக்கா

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் தொல்லை. பத்தாம் வகுப்பில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுக்க, டிப்ளமோவில் இனிஷியல் பின்னால்.

பழைய_பதிவேடு

பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து, பயிற்சிப் படிவத்திலிருந்தே அதே வடிவத்தை எழுதுங்கள். ஆதாரைத் திருத்துவதைத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே முடியுங்கள். தேர்வுச் சான்றில் ஏறிய பெயர் பிறகு எளிதில் மாறாது.

வெளிமாநிலத்தில் டிப்ளமோ படித்தவர்களுக்கு இன்னொன்று. நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு இந்தியக் கவுன்சிலின் அங்கீகாரம் இருந்ததா என்று பாருங்கள். இன்றைக்கு இருக்கிறது என்பது பதில் ஆகாது. டிப்ளமோ சான்றிதழின் உண்மைத்தன்மையை டிப்ளமோ தேர்வு நடத்திய அந்த மாநில வாரியத்துக்கு எழுதிக் கேட்பார்கள், அந்தப் பதில் வரும் வேகம்தான் உங்கள் பதிவின் வேகம்.

திருச்சி_2021

நான் 2021-இல் டிப்ளமோ முடித்தேன், குடும்பச் சூழ்நிலையில் பதிவு செய்யவில்லை. நானும் இந்தத் தேர்வு எழுத வேண்டுமா?

சேலம்_கடைக்காரர்

விதிமுறையே 2022-இல்தானே வந்தது. உங்களுக்குத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

பழைய_பதிவேடு

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தேர்ச்சி பெற்ற ஆண்டா, சேர்ந்த ஆண்டா, பதிவுக்கு விண்ணப்பிக்கும் தேதியா, எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் பதில் இருக்கிறது. சேர்ந்த ஆண்டு, தேர்ச்சி ஆண்டு, பயிற்சி முடிந்த தேதி மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி, மாநிலக் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டிப்ளமோ நகலோடு ஐந்தாம் பகுதி நிரம்பிய படிவ நகலையும் இணையுங்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள், சேலம்காரர் சொன்னது சரியா என்று பார்க்கலாம்.