ரொட்டியில் பலாப்பழ வாசனை: எங்கள் அத்தை துப்பறிந்த கதை

மஞ்சக்குப்பம் மருமகள்:
போன மே மாதம் எங்கள் தெரு பேக்கரியில் நடந்தது இது. கத்திரி வெயில் நேரம். சாயங்காலம் வாங்கும் பெரிய பால் ரொட்டி அன்றைக்கு நன்றாகவே இருக்கும். மறுநாள் மாலை கவரைப் பிரித்தால் கனிந்து அழுகிய பலாச்சுளை வாசனை. பூஞ்சை ஒரு புள்ளிகூட இருக்காது.

கடையை ஒட்டிப் பண்ருட்டிப் பலாப்பழ வண்டி ஒன்று நிற்கும். "உன் பழ வாசனைதான் என் ரொட்டியில ஏறுது" என்று கடைக்காரர் சண்டைக்குப் போனார். "உங்க ரொட்டி வாசனை என் பழத்துல ஏறலையே அண்ணாச்சி?" என்றார் வண்டிக்காரர். தெருவே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

என் அத்தை சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு ரொட்டியை வாங்கி இரண்டாக வெட்டி, இரண்டு டப்பாவில் போட்டு, ஒன்றை ஃபிரிட்ஜிலும் இன்னொன்றைச் சமையலறை அலமாரியிலும் வைத்தார். ராத்திரி என் கணவர் பசிக்கு ஃபிரிட்ஜ் டப்பாவைத் திறக்க, "டேய், அது சாட்சி! தொடாதே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் மாலை ஃபிரிட்ஜ் துண்டில் வாசனையே இல்லை. அலமாரித் துண்டில் பலா மணம். "பழ வாசனை ஒட்டியிருந்தா ரெண்டுலயும் இருக்கணுமே?" என்றார் அத்தை. அப்புறம் அலமாரித் துண்டைப் பிட்டார். நடுப்பகுதி பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. மெதுவாக இழுத்ததும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் வந்தது. "ஊசின உளுந்து வடைல இப்படித்தான் நூல் வரும். குத்தம் வண்டியில இல்ல, ரொட்டிக்குள்ளயே இருக்கு" என்றார்.

விருத்தாசலம் அண்ணன்:
அடுப்புச் சூடு பத்தாது, அவ்வளவுதான். நன்றாக வெந்தால் எந்தக் கிருமியும் தப்பாது. கூடப் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள்.

முன்னாள் பேக்கரி மாஸ்டர், முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் முப்பது வருடம் அடுப்படியில் நின்றவன் சொல்கிறேன், வேக்காடு போதாத ரொட்டியில் இது சீக்கிரம் வரும் என்பது சரி. ஆனால் நன்றாக வெந்ததிலும் வரும். அடுப்பு 220 டிகிரி இருந்தாலும், ஈரம் இருக்கிறவரை ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. இந்தக் கிருமி மண்ணிலிருந்து கோதுமையோடு மைதாவுக்கு வருவது. பேசில்லஸ் என்பார்கள். அதன் விதை அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். ரொட்டி வெதுவெதுப்பாக ஈரத்தோடு கிடந்தால் முளைத்துக்கொள்ளும். அம்மா பன்னையும் ரஸ்க்கையும் பார்த்தார்களா?

மஞ்சக்குப்பம் மருமகள்:
பார்த்தார், ஐயா. அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. பன், ரஸ்க் இரண்டிலும் இந்த வாசனை வரவே இல்லை. ரஸ்க்கில் ஈரம் இல்லை. பன் சின்னது, சீக்கிரம் ஆறிவிடும், அன்றைக்கே விற்றும் விடும். பெரிய ரொட்டியை மட்டும் சூடு ஆறுமுன் கவரில் போட்டு, அடுப்புச் சுவரை ஒட்டிய பலகையில் ராத்திரி முழுக்க அடுக்கியிருந்தார்கள்.

அது மட்டும் இல்லை. விற்காத ரொட்டியை என்ன செய்கிறாய் என்று வேலை செய்யும் தம்பியிடம் அத்தை கேட்டார். "ஊறவச்சு மறுநாள் மாவுல பெசைஞ்சிடுவோம் பாட்டி, நல்லா மெத்துனு வரும்" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். பாவம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

நெல்லிக்குப்பம் அக்கா:
எங்கள் வீட்டு இட்லி மாவும் வெயில் காலத்தில் நூல் மாதிரி இழுக்கிறதே! கொட்டிவிடவா? வெந்தயம் கொஞ்சம் கூடவே போடுவேன்.

முன்னாள் பேக்கரி மாஸ்டர்:
வெந்தயம் போட்டாலே மாவு வழவழவென்று இழுக்கும், அக்கா. புளிப்பு வாசனை சரியாக இருந்தால் பயம் இல்லை. ரொட்டிக் கிருமிக்குப் புளிப்பே ஆகாது. அதனால்தான் நாங்கள் மே, ஜூனில் கிலோ மைதாவுக்கு 20 மில்லி வினிகர் சேர்ப்போம். ஆனால் நூல் விட்ட ரொட்டி ஒன்று மாவுக்குள் போய்விட்டால் தொட்டி, கத்தி, பலகை எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். அதையெல்லாம் சுரண்டிக் கழுவி, வினிகர் தண்ணீரால் துடைக்காமல் விடக்கூடாது.

மஞ்சக்குப்பம் மருமகள்:
மரத் தொட்டியின் மூலை வெடிப்பில் பழைய மாவு கல் மாதிரி இருந்தது. கடைக்காரர் தொட்டியையே மாற்றி எவர்சில்வர் வாங்கிவிட்டார். பழைய ரொட்டி சேர்ப்பதையும் அதே வாரம் நிறுத்தினார். நன்றாக ஆறிய பிறகுதான் இப்போது கவர் போடுகிறார்கள். வாசனை போயே போய்விட்டது.

விருத்தாசலம் அண்ணன்:
மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்?

மஞ்சக்குப்பம் மருமகள்:
அத்தையும் அதையேதான் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார், அண்ணா. அவர் தொட்டிதான் என்கிறார். கடைக்காரர் பழைய ரொட்டிதான் என்கிறார். வண்டிக்காரருக்கு எது காரணமானாலும் சரி. சமாதானமாகத் தினமும் ஒரு பால் ரொட்டி அவருக்குப் போகிறது, கடைக்கு அவரிடமிருந்து நாலு சுளை வருகிறது.