பிரசங்கத்தில் கிரேக்கம்: யோவான் 21-ல் எவ்வளவு சொல்வது?

புது ஊழியன்: ஞாயிறு யோவான் 21:15-17 பேசுகிறேன். தன்மேல் அன்பு உண்டா என்று இயேசு இரண்டு தரம் ‘அகப்பாவோ’ என்ற கிரேக்கச் சொல்லால் கேட்கிறார், பேதுரு அன்புக்கு இன்னொரு சொல்லான ‘பிலியோ’ என்கிறார். சபையைக் குழப்பாமல் இதை எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி: சொல்லவே வேண்டாம் தம்பி. ஒன்று தெய்வீக அன்பு, இன்னொன்று வெறும் நட்பு என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். யோவான் அப்படிப் பிரிக்கவில்லை. பிதா குமாரனிடம் அன்பாயிருப்பதை 3:35-ல் அகப்பாவோ என்கிறார், 5:20-ல் பிலியோ என்கிறார்.

கன்மலை: அப்படியானால் மூன்றாந்தரம் இயேசு ஏன் பிலியோவுக்கு மாறினார்? பதில் சொல்லுங்கள் ஐயா. ஜனங்களுக்கு ஆழமானதைக் கொடுக்கக் கூடாதா?

ஏட்டுச்சுவடி: அதே மூன்று வசனங்களில் ஆட்டுக்குட்டி ஆடாகிறது, மேய்ப்பதற்கும் இரண்டு வினைச்சொல் வருகிறது. சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது யோவானின் வழக்கம். தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்தானே, 2 தீமோத்தேயு 4:10, அங்கேயும் அகப்பாவோதான். அதுவும் தெய்வீக அன்பா?

கன்மலை: தேமாவை விடுங்கள். மூன்றாந்தரம் ஏன் மாறினார்?

சாட்சி: எங்கள் போதகர் வல்லமைக்கான கிரேக்கச் சொல் ‘டூனமிஸ்’ என்றால் டைனமைட் என்று சொன்ன நாள் சபையே எழுந்து ஆர்ப்பரித்தது. கிரேக்கம் வேண்டும் பிரதர்!

ஏட்டுச்சுவடி: டைனமைட்டுக்கு நோபல் காப்புரிமை வாங்கியது 1867-ல். பவுல் அதை மனதில் வைத்தா ரோமர் 1:16 எழுதினார்? பாறையைப் பிளக்கிற வெடியா சுவிசேஷம்?

சாட்சி: எங்கள் போதகரைக் கேலி செய்யாதீர்கள். போன விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள்.

ஏட்டுச்சுவடி: போதகரைச் சொல்லவில்லை, உதாரணத்தைச் சொன்னேன். தம்பி, உங்களுக்கு வருகிறேன். பேதுரு ஏன் துக்கப்பட்டான்? ‘மூன்றாந்தரம்’ கேட்டதால் என்று 17-ஆம் வசனமே சொல்கிறது. சொல் ஆராய்ச்சி செய்தே தீர வேண்டுமென்றால் 21:9-ல் உள்ள கரிநெருப்பை எடுங்கள். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. மற்றது 18:18, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த இடம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இரண்டிடத்திலும் ‘கரிநெருப்பு’ என்றே இருக்கிறது. முதலில் 18:18-ஐ வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு 21:9. நடுவில் ஒன்றும் பேசாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். கிரேக்கச் சொல்லை உச்சரிக்கவே தேவையில்லை. அகராதி வேலை உங்கள் மேசையோடு நிற்கட்டும்.

புது ஊழியன்: கரிநெருப்பு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் சபையில் ஒருவர் அகப்பாவோ பற்றிக் கேட்டால்?

ஏட்டுச்சுவடி: ஆராதனை முடிந்ததும் 3:35-ஐயும் 5:20-ஐயும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் இரண்டிலும் ‘அன்பாயிருந்து’ என்றுதான் இருக்கும்.

கன்மலை: 21-ஆம் அதிகாரத்தில் மட்டும் அதே மொழிபெயர்ப்பு ‘அன்பாயிருக்கிறாயா’ என்றும் ‘நேசிக்கிறேன்’ என்றும் பிரித்திருக்கிறதே, அதைச் சொல்லாமல் மறைக்கிறீர்கள். மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாந்தரம் ஏன் மாறினார்?

ஏட்டுச்சுவடி: மறைக்கவில்லை. 5:20-ல் அவர்களே ஏன் பிரிக்கவில்லை என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

சாட்சி: முதலில் டைனமைட் விஷயத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள்.