வினா 12, விடை 12, ஆனால் நடுவில் இடிக்கிறது: ஒன்றை மட்டும் திருத்தினால் போதுமா?

முதுநகர் புரூஃப்
பத்தாம் வகுப்புக் கணக்குப் பயிற்சி நூல் ஒன்றின் இரண்டாம் புரூஃப் கையில் இருக்கிறது. பரப்பளவு, கன அளவு பாடம். பயிற்சியில் 12 வினா, பின்பக்கத்தில் 12 விடை. முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தன.

4ஆம் வினாவில்தான் இடிக்கிறது. ஆரம் 7 செ.மீ, உயரம் 24 செ.மீ உள்ள கூம்பின் சாயுயரம் கேட்கிறார்கள். விடையில் 5544 ச.செ.மீ என்று இருக்கிறது. சந்தேகத்துக்கு 7ஆம் வினாவையும் போட்டேன். ஆரம் 7 செ.மீ உள்ள கோளத்தின் புறப்பரப்பு, 616 வந்தது. அச்சிலும் 616தான். அப்படியானால் 4 மட்டும் தட்டச்சுப் பிழை, 25 செ.மீ என்று மாற்றிவிடலாமா? நாளை மாலை ஃபைல் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

மஞ்சக்குப்பம் டிடிபி
தட்டச்சுப் பிழை மாதிரி தெரியவில்லை. வினாக்களுக்கு ஆட்டோ நம்பரிங் போட்டிருப்பார்கள், விடைகளுக்குக் கையால் எண் அடித்திருப்பார்கள். முதல் புரூஃபுக்குப் பிறகு ஒரு வினாவை எடுத்திருந்தால் வினா எண் தானாக மேலே ஏறிவிடும், விடை எண் நகராது. 5544ஐத் தூக்கிவிட்டு, 5இலிருந்து எல்லா விடைகளையும் ஒரு எண் மேலே ஏற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

முதுநகர் புரூஃப்
அண்ணா, எல்லாவற்றையும் ஏற்றினால் 11உம் 12உம் கெட்டுப்போகுமே. அவை இப்போது சரியாக இருக்கின்றன. 12க்கு விடையே இருக்காது.

லாஸ்பேட்டை அம்மா
என் பையனுக்கும் இதே கதைதான். 9ஆம் கேள்விக்கு எழுதிய விடைக்கு 8 என்று எண் போட்டுவிட்டான், மதிப்பெண்ணே தரவில்லை. மறுமதிப்பீடு கேட்டால் கிடைக்குமா?

பாகூர் கணக்கு வாத்தியார்
அம்மா, இது அச்சுப் புத்தகத்தின் விடைப் பகுதி பற்றிய கேள்வி. உங்கள் விஷயத்தைப் பள்ளியில் பேசிப் பாருங்கள்.

முதுநகர் நண்பருக்கு: 5544 சும்மா வந்த எண் இல்லை. ஆரம் 21 செ.மீ உள்ள கோளத்தின் புறப்பரப்பு அது. அப்படி ஒரு வினா முதல் புரூஃபில் இருந்ததா என்று பாருங்கள்.

7ஆம் விடை பொருந்தியதை நம்பவேண்டாம். 6ஆம் வினா, ஆரம் 7, உயரம் 14 உள்ள உருளையின் வளைபரப்பா? ஆமென்றால் அதன் விடையும் 616தான். கோளத்தைச் சரியாக உள்ளடக்கும் உருளைக்கு எப்போதும் அப்படித்தான் வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுப்பது எங்கள் வாத்தியார் புத்தி. விடைகள் ஓர் எண் தள்ளியிருந்தாலும் 7இல் 616தான் தெரியும். அந்த ஒரு இடத்தைச் சோதித்தால் பிழை சிக்காது.

டிடிபி நண்பர் காரணத்தைச் சரியாகப் பிடித்தார். ஆனால் கடைசி இரண்டும் பொருந்துவதால், ஒரு வினா போன மாதிரியே வேறெங்கோ ஒரு வினா கூடியிருக்கவேண்டும். உட்பிரிவு உள்ள விடை எது, அதன் வினாவில் உட்பிரிவு இருக்கிறதா?

முதுநகர் புரூஃப்
சார், 6 உருளைதான், நீங்கள் சொன்ன அதே அளவு! 10ஆம் விடையில் (i), (ii) என்று இரண்டு இருக்கின்றன. 10ஆம் வினா ஒற்றை வினா. முதல் புரூஃபைத் தேடி எடுத்தேன். பழைய 4 அந்த 21 செ.மீ கோளம், இப்போது இல்லை. பழைய 10இன் (ii) தனி வினாவாகி 10 ஆகியிருக்கிறது, (i) 9 ஆகியிருக்கிறது. ஒன்று போய் ஒன்று வந்ததால் எண்ணிக்கை மாறவில்லை.

ஆக 5544ஐ நீக்கிவிட்டு, 5 முதல் 9 வரையிலான விடைகளை 4 முதல் 8 வரை ஏற்றுகிறேன். 10 (i) 9ஆகவும் (ii) 10ஆகவும் போகும். 11, 12 அப்படியே.

பாகூர் கணக்கு வாத்தியார்
சரி. ஏற்றிய பிறகு அந்த ஏழையும் வினாவிலிருந்து தொடங்கிப் போட்டுப் பாருங்கள். விடையை முதலில் பார்த்தால் கண் தானாகவே ஒத்துக்கொண்டுவிடும். அப்புறம் பாடத்துக்குள் ‘பயிற்சி வினா 9ஐப் பார்க்க’ மாதிரி வரி இருந்தால் அதுவும் பழைய எண்ணாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் டிடிபி
அந்த 12ஐ நான் கவனிக்கவில்லை, சார் சொல்வதுதான் சரி. இன்னொன்று, π எவ்வளவு என்று பயிற்சியின் தலைப்பில் போட்டிருக்கிறதா? 3.14 வைத்துப் போடும் பையனுக்கு 616 வராது, 615.44 வரும்.

முதுநகர் புரூஃப்
போடவில்லை. 22/7 என்று நானே சேர்க்கலாமா, ஆசிரியரைக் கேட்கவேண்டுமா தெரியவில்லை. பழைய 4ஐ வேண்டுமென்றே எடுத்தாரா, பக்கம் கட்டும்போது விழுந்துவிட்டதா என்றும் அவரிடம்தான் கேட்கவேண்டும். விழுந்ததென்றால் வேலை மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை அழைத்தேன், போனை எடுக்கவில்லை. ‘வினா 9’ என்று ஒரு வரி எடுத்துக்காட்டு 3இன் கீழே இருக்கிறது சார், இப்போதுதான் பார்த்தேன்.