சதாபிஷேக வீடியோவும் ஸூமும்: எங்கள் குடும்பக் குழுவில்

அருண்: தாத்தா சதாபிஷேகத்தில் போடுகிற வீடியோவை 'தி ஆபீஸ்' மாதிரி எடுக்கப் போகிறேன். ஆவணப்படம் போலவே, நடுநடுவே பேட்டியோடு வருகிற நகைச்சுவைத் தொடர் அது. கேமராவை ஆட்டி ஆட்டிப் பிடித்து, டக் டக்கென்று முகத்துக்கு ஸூம் போனால் சிரிப்பு வந்துவிடும்தானே, திவ்யாக்கா?

பெரியப்பா: பேட்டி எடுக்கப் போகிறீர்களா? நல்லது. அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளை வேட்டியா, பேன்ட்டா?

திவ்யா: ஆட்டினால் தலைதான் சுற்றும் அருண். அடுத்து என்ன நடக்கும் என்று கேமராக்காரருக்குத் தெரியாது என்பதைப் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். அமெரிக்க 'ஆபீஸ்' தொடரில் கேமரா பிடித்த ராண்டல் ஐன்ஹார்ன் அதற்கு முன்னால் 'சர்வைவர்' ரியாலிட்டி ஷோவில் வேலை பார்த்தவர். அங்கே சத்தம் கேட்ட பிறகுதான் கேமரா திரும்பும், திரும்பியதும் ஆளைத் தேடும். அந்தத் தாமதம்தான் நமக்கு வேண்டும்.

அருண்: அப்போ ஸூம்?

திவ்யா: பேசுகிறவர் மேல் போகாதே. கேட்டுக்கொண்டிருப்பவர் மேல் போ. ஒருவர் உளறி முடித்ததும் அரை நொடி கழித்து, பக்கத்தில் இருப்பவர் முகத்துக்குப் போக வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாலும் பரவாயில்லை. எடிட்டிங்கில் ஸூம் போடாதே. ஒரே சீராகப் போகும், யாரும் அவசரமாகத் திருப்பிய மாதிரி இருக்காது.

சித்தி: கல்யாண வீடியோவில் நான் வாயில் ஜாங்கிரியோடு இருக்கும்போது ஸூம் போனானே ஒருவன்! இன்னமும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். என்னை விட்டுவிடுங்கள்.

திவ்யா: அது வேறு சித்தி. சாப்பிடுகிறவரை நெருங்கிக் காட்டுவதில் வெறும் சங்கடம்தான் இருக்கிறது. இதில் அந்த ஆள் அப்போதுதான் ஏதோ ஒன்றைக் கேட்டிருப்பார், சொல்ல முடியாமல் அடக்கிக்கொண்டிருப்பார். அதைக் கேமரா பிடித்துவிடுகிறது. உங்களைச் சாப்பிடும்போது எடுக்கவே மாட்டோம்.

பெரியப்பா: பேட்டியைப் பற்றி யாருமே பதில் சொல்லவில்லையே.

திவ்யா: பெரியப்பா, 2005ல் வந்த 'டைவர்சிட்டி டே' எபிசோடைச் சொல்கிறேன். ஜிம் என்ற விற்பனையாளருக்கு வருஷத்து கமிஷனில் கால்வாசி ஒரே ஒரு வாடிக்கையாளரிடமிருந்துதான் வரும். அந்த சந்தோஷத்தில் குட்டி ஷாம்பெயின் பாட்டில்கூட வாங்கி வைத்திருக்கிறான். மேலாளர் நடத்தும் பயிற்சிக் கூத்தில் அவன் மாட்டிக்கொள்ள, அந்த விற்பனையைக் கூட வேலை பார்க்கும் டுவைட் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். கடைசியில் பயிற்சி அறையில் பாம் என்ற பெண் தூக்கத்தில் அவன் தோளில் சாய்கிறாள். அடுத்து ஜிம் தனியாகக் கேமரா முன்னால் உட்கார்ந்து, "நாள் மோசமில்லை" என்கிற மாதிரி ஒரே வரி சொல்கிறான். பேட்டியின் வேலை அவ்வளவுதான். நடந்ததற்கும் அவன் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

பெரியப்பா: அப்போ என் நாலு பக்கம்?

திவ்யா: அதில் ஒரு வரி போதும். "சமையல் ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு, யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று லென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் அருணைப் பார்த்துச் சொல்லுங்கள். உடனே கட் செய்து, ஸ்டோர் ரூம் சாவி எங்கே என்று நீங்கள் சமையல்காரரிடம் கேட்பதைக் காட்டுவோம். அவர் முகத்துக்கு ஒரு ஸூம். பின்னணி இசை வேண்டாம், சிரிப்பொலியும் வேண்டாம்.

பெரியப்பா: சாவி எங்கே என்று எனக்குத் தெரியுமே!

மாமா: 'மாடர்ன் ஃபேமிலி' தொடரிலும் இப்படித்தான். அந்தக் குடும்பத்தை யாரோ ஆவணப்படம் எடுக்கிறார்கள் என்று கதையிலேயே வரும்.

திவ்யா: பாதி சரி மாமா. சோபாவில் ஜோடியாக உட்கார்ந்து பேசுவார்கள், ஆனால் எடுப்பது யார் என்று அதில் சொல்வதே இல்லை. 'ஆபீஸ்' கடைசி சீசனில்தான் படக்குழுவையே காட்டினார்கள். நமக்கு அருண்தான் படக்குழு, அதனால் ஆட்கள் அவனைக் கவனிக்கவும் வேண்டும். அத்தையும் மாமாவும் பாக்கெட் பால் கணக்குக்குச் சண்டை போடும்போது ஜன்னல் வழியே எடுத்து, கேமராவைக் கண்டதும் அத்தை திரையை இழுத்துவிட்டால் ரொம்ப நன்றாக இருக்கும்.

அத்தை: அது நடிப்பே வேண்டாம், தினமும் நடக்கிறது.

அருண்: எல்லோரும் கேமராவைப் பார்க்கலாமா?

திவ்யா: ஒருவர் மட்டும் பார்த்தால் போதும். அவர் பார்வை, "நீங்களும் பார்த்தீர்களா?" என்று நம்மைக் கேட்கிற மாதிரி. எல்லோரும் பார்த்தால் அது குரூப் போட்டோ. சித்தி, நீங்கள் பார்க்கிறீர்களா?

சித்தி: ஜாங்கிரி இல்லையென்றால் யோசிக்கிறேன்.

மாமா: அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடலாமா? கேலி செய்கிறோம் என்று அவர் மனசு நோகக் கூடாது.

திவ்யா: சொன்னால் விறைப்பாக உட்காருவார், சொல்லாவிட்டால் நீங்கள் பயப்படுவது நடக்கலாம். எனக்கும் இதில் தீர்மானம் இல்லை மாமா.

பாட்டி: அவருக்கு நேற்றே தெரியும். முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார்.